திரும்பி வரும் பணம்: பள்ளிக் கட்டணக் கடிதம் ஒன்றின் இலக்கணம்

கோவில்பட்டிக்கும் ஒட்டப்பிடாரத்துக்கும் இடைப்பட்ட கரிசல் வெளியில் பசுவந்தனையையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் விட்டுக் காலையில் புறப்படும் பள்ளி வேன்களில் ஏறுகின்ற குழந்தைகளின் பெற்றோர், ஜூன் மாதத்தில் சேர்க்கைப் படிவத்தோடு இணைந்த கட்டண விதித் தொகுப்பு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் கையொப்பம் இடுகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் பல பக்கங்களுக்கு நீளும் அந்த ஆவணத்தை, அலுவலக ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கும் வேளையில் எவரும் படித்து முடிப்பதில்லை, படித்தாலும் விளங்குவதில்லை. அதன் சாரத்தை எளிய தமிழில் ஒரு மின்னஞ்சலாக எழுதிப் பெற்றோருக்கு அனுப்ப ஒரு பள்ளி முன்வருமானால், அக்கடிதத்தில் என்ன இருக்கவேண்டும், எது விடுபட்டால் அது கடிதம் என்ற பெயருக்கே தகுதியற்றதாகும் என்பதைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் அபிப்பிராயத்தில் அதற்கு ஒரே ஒரு பரீட்சை போதும். கடிதத்தைப் படித்த தாயோ தகப்பனோ, இன்ன தேதியில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்தால் கைக்கு எவ்வளவு ரூபாய் திரும்பி வரும் என்பதை அலுவலகத்தைக் கேளாமல் தாமே கணக்கிட முடியவேண்டும்.

கட்டணம் எவ்வளவு என்ற கேள்விக்குச் சட்டம் ஓரளவு விடை கூறியிருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் கட்டண வசூலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, அதன்கீழ் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கோவிந்தராஜன் தலைமையில் அமைந்த குழு, 2010 மே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குத் தனித்தனியே கட்டணம் நிர்ணயித்தது. பள்ளி அமைந்த இடம், கட்டட வசதி, நிர்வாகச் செலவு, வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரி ஆகியவற்றை ஆராய்ந்து குழு விதிக்கும் தொகை மூன்று கல்வியாண்டுகளுக்குப் பள்ளியைக் கட்டுப்படுத்தும். அதற்கு மேல் வசூலித்தால் சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. தண்டனை பெற்றவர் கூடுதலாக வாங்கிய தொகையை மாணவருக்குத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பையும் சட்டம் சுமத்துகிறது. ஆகவே கடிதத்தின் தொடக்கமே, குழு இப்பள்ளிக்கு இந்த வகுப்புக்கு நிர்ணயித்த தொகை இவ்வளவு, நாங்கள் வசூலிப்பது இவ்வளவு என்று இரண்டு எண்களையும் அருகருகே வைத்துச் சொல்லவேண்டும். வேன், புத்தகம், சீருடை முதலியவை இத்தொகைக்கு வெளியே வேறாக வாங்கப்படுவது வழக்கமாதலால், அவற்றைப் பயிற்றுக் கட்டணத்தோடு கலந்து ஒரே மொத்தமாகக் காட்டுவது, பெற்றோர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண்ணை அவர்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

நடுவில் விலகினால் என்ன திரும்பும் என்பதில்தான் சட்டம் மௌனமாகிறது. கல்லூரிகளைப் பொறுத்தவரை பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிப்பில், சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகை, அந்தத் தேதிக்குப் பின் முப்பது நாட்கள் கடந்து விலகினால் ஒன்றுமில்லை என்று, இடையில் படிப்படியாக இறங்கும் ஓர் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. பள்ளிகளுக்கு அத்தகைய அளவு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. நுகர்வோர் மன்றத்தை நாடலாமா என்பதிலும் தீர்ப்புகள் ஒருமுகமாக இல்லை. கல்வி நிறுவனங்கள் அளிப்பது நுகர்வோர் சட்டம் கூறும் சேவை அன்று என்று தேசிய ஆணையம் 2020இல் கூறியது, அதன்மேல் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடும் சென்றது. எனவே நடுவாண்டில் ஊர் மாறும் ஒரு குடும்பத்துக்குப் பள்ளியின் விதித் தொகுப்பே நடைமுறையில் சட்டமாகிவிடுகிறது.

கரிசல் பூமியில் குடும்பங்கள் நடுவாண்டில் ஊர் மாறுவது அபூர்வமன்று. மழை பொய்த்தால் திருப்பூருக்குப் போவார்கள். சிவகாசிப் பக்கம் வேலை கிடைத்தால் அங்கே போவார்கள். சென்னையில் அண்ணன் வைத்திருக்கும் கடைக்கு ஆள் வேண்டுமென்று தம்பியின் குடும்பம் புறப்படும். கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனைப் பள்ளியையும் ஒரு கற்பனைக் குடும்பத்தையும் எடுத்துக்கொள்வோம். பயிற்றுக் கட்டணம் வருஷத்துக்கு 18,000 ரூபாய்; ஜூன், அக்டோபர், ஜனவரி என மூன்று பருவங்களில் ஒவ்வொன்றுக்கும் 6,000. முழு வருஷக் கட்டணத்தையும் ஜூனிலேயே செலுத்துவோருக்கு நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி. குடும்பம் நகையை அடகு வைத்து 17,100 ரூபாயை ஒரே தவணையில் கட்டியிருக்கிறது. விதித் தொகுப்பின் ஷரத்து இவ்வாறு அமைந்திருப்பதாகக் கொள்வோம்: பருவம் தொடங்குவதற்குக் குறைந்தது முப்பது முழு நாட்கள் முன்னதாக எழுத்துமூலம் விலகல் அறிவிப்பு அலுவலகத்துக்குக் கிடைத்தால் அப்பருவக் கட்டணமும் அதற்குப் பிந்தைய பருவக் கட்டணமும் திருப்பித் தரப்படும்; நடந்துகொண்டிருக்கும் பருவத்துக்கு எதுவும் திரும்பாது; நடுவில் விலகுவோர்க்குத் தள்ளுபடி செல்லாது.

இரண்டாம் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. தகப்பனார் ஆகஸ்ட் 31 அன்று கடிதம் கொடுத்தால் செப்டம்பர் மாதத்தின் முப்பது நாட்களும் முழுமையாக இடையில் நிற்கின்றன, ஷரத்து நிறைவேறுகிறது. கட்டிய 17,100இல் முதற்பருவத்தின் 6,000 போக 11,100 ரூபாய் திரும்ப வேண்டும். அதே கடிதத்தைச் செப்டம்பர் 2 அன்று கொடுத்தால் முப்பது நாள் நிறையவில்லை. இரண்டாம் பருவக் கட்டணமும் பள்ளிக்கே சேர்ந்து, திரும்பி வருவது 5,100 ஆகக் குறைகிறது. இரண்டு நாள் தாமதத்தின் விலை 6,000 ரூபாய். இந்த ஷரத்தின் நியாய அநியாயத்தை வேறோரிடத்தில் விவாதிக்கலாம்; ஆசிரியரின் சம்பளத்தை ஏற்கெனவே உறுதி செய்துவிட்ட பள்ளிக்கு முன்னறிவிப்பு வேண்டியிருக்கிறது என்ற வாதத்தில் சாரம் இல்லாமலும் இல்லை. ஆனால், பெற்றோருக்கு எழுதும் கடிதத்தில் ‘முப்பது முழு நாட்கள் முன்னதாக’ என்று எழுதி நிறுத்துவது, எண்ணத் தெரிந்தவர்க்கும் தடுமாற்றம் தரும் ஒரு கணக்கை அவர்கள் தலையில் ஏற்றுவதாகும். எந்த நாளிலிருந்து எண்ணுவது, அறிவிப்புக் கொடுத்த நாளும் சேருமா, ஞாயிறும் விடுமுறையும் கழியுமா என்ற மூன்று சந்தேகங்கள் அந்த ஒரு சொற்றொடரில் ஒளிந்திருக்கின்றன. பள்ளிக்கு அதன் நாட்காட்டி தெரியும். பருவத் தொடக்கம் தெரியும். அது ஒருமுறை எண்ணித் தேதியை எழுதிவிட்டால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் எண்ணித் தவறவேண்டிய அவசியமே இல்லை.

தள்ளுபடி செல்லாது என்ற பகுதியும் அவ்வாறே. படிப்பவர் கட்டிய 17,100ஐ மூன்றாகப் பிரித்து, இரண்டு பங்காகிய 11,400 வரும் என்று எதிர்பார்ப்பார். அலுவலகமோ 11,100 தரும். வித்தியாசம் 300 ரூபாய்தான். எனினும் ஜன்னலருகே எழும் சண்டைகளில் பல, பெரிய தொகையைப் பற்றியவை அல்ல. தாம் ஏமாற்றப்பட்டதாக ஒருவர் நினைக்கும் சிறு தொகையைப் பற்றியவை. ஆகையால் கடிதத்தில் ஒரு குடும்பத்தின் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டவேண்டும். அதன் வாசகம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

“அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். இந்த வருஷம் ஐந்தாம் வகுப்புக்குப் பள்ளிக் கட்டணம் 18,000 ரூபாய். கட்டண நிர்ணயக் குழு எங்கள் பள்ளிக்கு அனுமதித்திருப்பதும் இதே தொகைதான். இதை மூன்று தவணையாகக் கட்டலாம்: ஜூனில் 6,000, அக்டோபரில் 6,000, ஜனவரியில் 6,000. வேனுக்கு மாதம் 600 ரூபாய். வேன் வேண்டாதவர்கள் கட்ட வேண்டாம். நடுவில் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவதாக இருந்தால் எங்களுக்கு எழுதிக் கொடுங்கள். ஆகஸ்ட் 31க்குள் கொடுத்தால் அக்டோபர், ஜனவரித் தவணைகளை நீங்கள் கட்ட வேண்டாம். முன்பே கட்டியிருந்தால் திருப்பித் தருவோம். டிசம்பர் 1க்குள் கொடுத்தால் ஜனவரித் தவணைக்கு அப்படியே. அந்தத் தேதி தாண்டினால் அடுத்த பருவத்தின் பணம் திரும்ப வராது. முழுப் பணத்தையும் ஜூனில் கட்டி 900 ரூபாய் தள்ளுபடி வாங்கியவர்கள் நடுவில் போனால் அந்தத் தள்ளுபடி கிடையாது. உதாரணமாக 17,100 கட்டியவர் ஆகஸ்ட் 31க்குள் எழுதிக் கொடுத்தால் 11,100 திரும்ப வரும். செப்டம்பரில் கொடுத்தால் 5,100தான் வரும். முன்பணம் 1,000 ரூபாய், டி.சி. வாங்கியபின் முப்பது நாளில் நீங்கள் சொல்லும் வங்கிக் கணக்குக்கு வரும். ரசீது தொலைந்திருந்தாலும் எங்கள் பதிவேட்டைப் பார்த்துத் தருவோம். பணப் பாக்கி இருந்தாலும் டி.சி.யை நிறுத்த மாட்டோம்.”

இக்கடிதத்தில் சட்டச் சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் விதித் தொகுப்பில் பணம் சம்பந்தப்பட்ட ஷரத்து எதுவும் விடுபடவுமில்லை. கடைசி மூன்று வாக்கியங்களைப் பல பள்ளிகள் எழுதத் தயங்கும். முன்பணம் திரும்புவதற்கு அசல் ரசீது வேண்டும் என்று விதிகளில் எழுதியிருப்பதாலேயே, ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய ஒரு தாளைத் தொலைத்த குடும்பங்கள் ஆயிரம் ரூபாயை விட்டுவிட்டுப் போகின்றன. பள்ளியின் பதிவேட்டில் அத்தொகை இருக்கும்போது ரசீது ஏன் வேண்டும் என்பதற்கு நேர்மையான பதில் இல்லை. யாருடைய கணக்குக்குப் பணம் திரும்பும் என்பதும் அற்பக் கேள்வி அன்று. ஜூனில் கட்டணத்தைத் தாய்மாமனோ சித்தப்பாவோ தம் கைப்பேசியிலிருந்து அனுப்பியிருப்பார். செலுத்திய கணக்குக்கே திரும்பும் என்று விதி இருந்தால் பணம் அவரிடம் போய்ச் சேரும். அதைக் குடும்பம் முன்கூட்டியே அறிந்திருந்தால் ஒரு மனஸ்தாபம் தவிர்க்கப்படும்.

டி.சி.யைப் பற்றிய வாக்கியத்துக்கு நீதிமன்றத்தின் பலம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைக்கு வேறு பள்ளிக்கு மாறும் உரிமையையும், மாற்றுச் சான்றிதழைத் தாமதமின்றிப் பெறும் உரிமையையும் 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு வழங்குகிறது. கட்டணப் பாக்கியைச் சான்றிதழில் குறித்துத் தரலாம் என்று ஒரு காலத்தில் இருந்த நிலையை, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு மாற்றியது. மாற்றுச் சான்றிதழ் பாக்கியை வசூலிக்கும் கருவி ஆகாது, அதில் கட்டணப் பாக்கி பற்றிய குறிப்பு எதுவும் இடம்பெறக் கூடாது, பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்குச் சட்டத்தில் வேறு வழிகள் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். இத்தனைக்குப் பிறகும் ‘பாக்கி தீர்ந்தபின்னரே சான்றிதழ்’ என்ற பழைய ஷரத்து விதித் தொகுப்பில் கிடக்குமானால், அதைச் சுருக்கி எழுதுபவர் என்ன செய்வது? அப்படியே சுருக்கினால் சட்டத்துக்கு முரணான ஒரு செய்தியை எளிய தமிழில், முன்பைவிடத் தெளிவாக, எல்லாக் குடும்பங்களுக்கும் பரப்பியவர் ஆகிறார். விட்டுவிட்டால் கடிதமும் ஆவணமும் ஒன்றுக்கொன்று பொருந்தா. எனவே நல்ல சுருக்கத்தை எழுதத் தொடங்கும் எவரும் முதலில் மூல ஆவணத்தைத் திருத்தக் கோரவேண்டியவர் ஆகிறார். எளிய மொழியில் எழுதுவதன் பெரும் பிரயோஜனம் இதுவே என்று நான் கருதுகிறேன்: நீண்ட சட்ட வாசகத்தில் வெட்கமின்றி வாழக்கூடிய ஒரு ஷரத்தை, பத்துச் சொல்லில் பெற்றோரின் முகத்துக்கு நேரே சொல்ல எழுதுபவருக்கே கை வராது.

நியூயார்க் மாநிலம் 1977இல் வாடகைப் பத்திரங்களும் நுகர்வோர் ஒப்பந்தங்களும் சாதாரண மக்களுக்கு விளங்கும் மொழியில் எழுதப்படவேண்டும் என்று சட்டம் இயற்றியபோது, தனியே ஒரு சுருக்கத்தை அல்லாமல் மூல ஒப்பந்தத்தையே எளிதாக எழுதும்படி கேட்டது. நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் பள்ளிகளுக்கு இல்லாமையால், மூலமும் சுருக்கமும் தனித்தனியே நிற்கும். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும்? ‘இது தகவலுக்காக மட்டுமே, விதித் தொகுப்பே இறுதியானது’ என்று அடிக்குறிப்பு எழுதிப் பள்ளி தப்பித்துக்கொள்ள விரும்பலாம். ஆனால் ஒப்பந்த வாசகத்தில் ஐயம் நேர்ந்தால் அதை எழுதியவருக்குப் பாதகமாகவே பொருள் கொள்வது நெடுங்காலமாக நிலவும் கொள்கை. மேலும், பெற்றோர் நம்பி நடக்கவேண்டும் என்பதற்காகவே ஒரு கடிதத்தை அனுப்பிவிட்டு, நம்பியது உங்கள் தவறு என்று பின்னர் கூறுவது நியாயமாகாது. ‘இக்கடிதத்துக்கும் விதித் தொகுப்புக்கும் வேறுபாடு கண்டால் பெற்றோருக்கு எது சாதகமோ அதன்படி நடப்போம்’ என்று எழுதத் துணியும் பள்ளி, தன் எழுத்தரைக் கடிதத்தை இன்னும் கவனமாக எழுத வைக்கும்.

விதித் தொகுப்புக்கு மேலே சட்டம் நிற்கிறது என்பதை 2025ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டிற்று. கல்வியுரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்கள் நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டோருக்கும் கட்டணமின்றி ஒதுக்கப்படவேண்டும். அதற்கான தொகையை அரசு பள்ளிக்குத் தரும். மத்திய அரசிடமிருந்து நிதி வராததால் அவ்வருஷம் சேர்க்கை குறித்த காலத்தில் தொடங்கவில்லை. ஜூன் மாதம் பள்ளிகள் திறந்துவிட்டன. காத்திருக்க முடியாத பெற்றோர் பணத்தைக் கட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். நிதி விடுவிக்கப்பட்டபின் அக்டோபரில்தான், ஏற்கெனவே பள்ளியில் சேர்ந்திருந்த தகுதியுள்ள குழந்தைகளை இத்திட்டத்தின்கீழ் கொண்டுவரும் ஏற்பாடு நடந்தது. அவர்களிடம் வசூலித்த கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது. ‘ஒருமுறை செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற ஷரத்தில் கையொப்பமிட்டிருந்த ஒரு தகப்பனார், அந்தக் கையொப்பத்தை நினைத்துக்கொண்டு தமக்கு உரிய பணத்தைக் கேட்காமலே இருந்திருக்கக் கூடும். ‘எக்காரணம் கொண்டும்’ என்று எழுதும் அதிகாரம் எந்தப் பள்ளிக்கும் இல்லை. அரசுத் திட்டத்தின்கீழோ கட்டணக் குழுவின் ஆணைப்படியோ பணம் திரும்ப வேண்டியிருந்தால் மேற்சொன்ன தேதிகள் பொருந்தா என்று கடிதத்தில் ஒரு வாக்கியம் சேர்ப்பது, கடிதத்தைச் சட்டத்துக்கு இணங்கியதாக்கும்.

இனித் தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியின் தவணை நாட்கள் கரிசல் வருஷத்தோடு பொருந்துவதில்லை. மானாவாரி நிலத்தில் ஆவணி, புரட்டாசியில் உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் பணம் வெளியே போகிறது. அக்டோபர்த் தவணை சரியாக அந்த வேளையில் வந்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தீப்பெட்டித் தொழிலில் குச்சி காயாமல் வேலை மந்தமாகிறது. வாரக் கூலியை நம்பும் வீடுகளுக்கும் கை சுருங்குகிறது. உளுந்தும் பாசிப்பயறும் வீடு வந்து ரொக்கமாவது மார்கழி, தையில்; பருத்தியும் மிளகாய் வற்றலும் மாசி, பங்குனியில். ஆகவே இவ்வட்டாரத்தில் கடிதம் எழுதும் பள்ளி, அக்டோபர்த் தவணையைக் கட்ட இயலாதவர்கள் யாரிடம், எந்த நாளுக்குள், எவ்வாறு கேட்டால் ஜனவரிவரை அவகாசம் கிடைக்கும் என்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அத்தகைய சலுகையைப் பல நிர்வாகங்கள் கேட்பவர்க்கு வழங்கவே செய்கின்றன, எழுத்தில் வைப்பதில்லை. எழுத்தில் இல்லாத சலுகை, தலைமையாசிரியரின் அறைக்குள் நுழையத் தைரியமுள்ளவருக்கே கிடைக்கிறது. கூச்சப்பட்டவர் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார். தீநுண்மிக் காலத்தில் கட்டணத்தைக் குறைத்து ஆறு மாதாந்தரத் தவணைகளில் வாங்கும்படி உச்ச நீதிமன்றம் 2021 மே மாதத்தில் ராஜஸ்தான் பள்ளிகள் பற்றிய வழக்கில் ஆணையிட்டது. தவணையைப் பகுத்தால் பள்ளிக் கணக்கே குலைந்துவிடும் என்ற வாதத்துக்கு அந்த அனுபவம் போதிய பதில்.

கடிதம் நன்றாக எழுதப்பட்டும் படிக்கப்படாமல் போவதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. சேர்க்கைப் படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள். அது இல்லாத தகப்பனார் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தந்த கணினிக் கடைக்காரரின் முகவரியையோ, கல்லூரியில் படிக்கும் மூத்த மகனின் முகவரியையோ எழுதிவிடுகிறார். பள்ளி அனுப்பியதற்குச் சாட்சி இருக்கிறது. பெற்றோர் பார்த்ததற்கு இல்லை. விலகலை அறிவிக்கும் கடைசித் தேதி அக்கடிதத்தில்தான் சொல்லப்பட்டிருக்கிறது என்னும்போது இந்த இடைவெளி ஆறாயிரம் ரூபாய் பெறும். கடிதத்தை இணைப்புக் கோப்பாக அனுப்பாமல் மின்னஞ்சலின் உடலிலேயே எழுதுவதும், அதே வாசகத்தை வாட்ஸாப்பிலும் அனுப்பிக் குழந்தையின் டைரியிலும் ஒட்டுவதும், வந்து சேர்ந்ததாக ஒரு பதிலோ கையொப்பமோ பெறுவதும் அதனால் அவசியமாகின்றன. பெற்றோர் கொடுக்கும் விலகல் கடிதத்துக்கும் அதே மரியாதை வேண்டும்: அலுவலகத்தில் தேதி முத்திரையிட்ட நகல் ஒன்று அவர் கைக்கு வராவிட்டால், ஆகஸ்ட் 31 அன்றே கொடுத்தேன் என்பதை அவரால் நிரூபிக்க முடியாது.

அனுப்புவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை எளிது. பள்ளியோடு சம்பந்தமில்லாத, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த இரண்டு மூன்று தாய்மாரிடம் கடிதத்தைக் கொடுத்து, ‘நவம்பர் 20 அன்று எழுதிக் கொடுத்தால் 17,100 கட்டியவருக்கு எவ்வளவு வரும்?’ என்று கேட்கவேண்டும். இரண்டு பருவத்தின் 12,000 கழிந்து 5,100 என்று அவர்கள் சொன்னால் வாசகம் சரி. வேறு தொகையைச் சொன்னால் எந்த வாக்கியம் அவர்களை வேறு வழியில் கொண்டுபோயிற்று என்று கேட்டு அதை மாற்றி, மறுபடி வேறு இருவரிடம் காட்டவேண்டும். இவ்வளவும் ஏப்ரல் மாதத்திலேயே நடந்து முடியவேண்டும். வேறு பள்ளியில் சேர்ப்பதா, இதிலேயே தொடர்வதா என்பதைக் குடும்பங்கள் தீர்மானிப்பது கோடை விடுமுறையில்தான். ஜூனில் பணம் கட்டியபின் வந்து சேரும் கடிதத்தால் அந்தத் தீர்மானத்துக்கு உதவி இல்லை.